கட்டில் கோலம்

காலி அறையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் அது அறை மாதிரியே வராது. அரிசி மூட்டை அடுக்குகிற கிடங்கு மாதிரி வரும். எவ்வளவு இடம் என்றும் தெரியாது, எங்கே படுப்பது என்றும் தோன்றாது. வீடு பார்க்கிறவர்கள் அந்தப் படத்தை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதனால்தான் எனக்கு வேலை வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு அதையே செய்தேன். துபாயில் இருக்கும் மாமாவைத் தாலி கட்டும் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். முகூர்த்தத்தில் தூங்கிவிட்ட குழந்தையின் கண்ணைத் திறந்துவிடுவேன். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. மாமாவுக்கே சந்தோஷம்.

வாடகை வீட்டுப் படம் அப்படியில்லை. அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் சாமான் செட்டோடு வந்து இறங்கும். முதன்முதலில் இந்த வேலையை எனக்குக் கொடுத்த சென்னை ஆபீஸ்காரப் பெண் போனிலேயே சொன்னாள். “அக்கா, வண்டியில ஏத்தி எடுத்துனு வர்ற பொருள மட்டும் போடுங்க. கட்டில், பீரோ, மேசை, திரைச்சீலை. சுவரு, தரை, ஜன்னல், கதவு, இதுல கைய வைக்காதீங்க. படத்து மேலயே எழுதிடுங்க, சாமான் கம்ப்யூட்டர்ல சேர்த்ததுன்னு. பக்கத்துலயே காலி ரூம் படமும் இருக்கணும்.” இது போதும் எனக்கு. நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். விதி என்று ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

எழுத்தைப் படத்துக்குக் கீழே போட்டால் போதாது என்பது மட்டும் நானாகத் தெரிந்துகொண்டது. கீழே எழுதியது வாட்ஸ்அப்பில் கூடவே போகாது, படம் மட்டும்தான் ஊர் சுற்றும். அதனால் படத்தின் நடுவாக, கட்டிலின் மேலேயே, வெட்டினால் கட்டிலும் சேர்ந்து போகிற மாதிரி எழுதுவேன். ‘சாமான்கள் கம்ப்யூட்டரில் சேர்த்தவை. வீடு காலியாகவே தரப்படும்.’

இந்த எழுத்தின் மேல், உள்ளூரில் எனக்குப் படம் கொண்டுவந்து கொடுக்கிற வீட்டு புரோக்கர் அண்ணனுக்கு ஆத்திரம். ஊரில் பாதி வீட்டுச் சாவி அவர் ஸ்கூட்டர் பெட்டியில்தான் இருக்கும்.

“ஏம்மா, மெத்த மேல போஸ்டர் ஒட்டின மாதிரி கீதே. கொஞ்சம் ஓரமா, பொடிசா போடக்கூடாதா?”

“பொடிசா போட்டா யாரும் படிக்க மாட்டாங்கண்ணா.”

“அதுக்குத்தான்மா சொல்றேன்!”

அவர் சிரித்தால் நானும் சிரிப்பேன். எழுத்தைக் குறைக்க மாட்டேன்.

செவிலிமேட்டு வீடும் அவர் கொண்டுவந்ததுதான். தரைத்தளம். பெரிய அறை ஒன்று, சின்ன அறை ஒன்று, சமையலறை. வீட்டுக்காரர்கள் பட்டு நெய்கிறவர்கள். பெரிய அறையில்தான் முதலில் தறி இருந்ததாம். தறிகள் கூடிப்போனதும் வீட்டுக்குப் பின்னால் ஷெட் கட்டி எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டார்கள். மாதக்கணக்காக இந்தப் பாகம் காலி. அண்ணனே மூலையில் நின்று நாலு படம் எடுத்து அனுப்பியிருந்தார். கைப்பேசியைத் தாழ்வாகப் பிடித்ததில் படத்தில் கூரை விழவேயில்லை. சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை, பக்கவாட்டில் ஒரு கதவு, எதிரில் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது.

“அந்த ஈரத்து மேல ஒரு பீரோவ வெச்சி அடிச்சிடுமா,” என்றார் அண்ணன்.

“மாட்டேண்ணா.”

“பீரோ வண்டியில வர்ற சாமான்தானே? உன் ரூல்ஸ்தானே அது?”

ஒரு நிமிடம் மடக்கிவிட்டார். பீரோ வரும், வாஸ்தவம்தான். ஆனால் அது எதற்காக அங்கே வருகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“மறைக்கிறதுக்காக வெக்கிற பீரோவ வைக்க மாட்டேண்ணா. ஈரம் தெரியட்டும். வீட்டுக்காரம்மாவ ஒரு கொத்தனார கூப்டு பாக்கச் சொல்லுங்க.”

“நீ உருப்படமாட்டம்மா,” என்று போனை வைத்தார். கோபமில்லை. அது அவர் விடைபெறும் விதம்.

படத்தில் சாமானை வைப்பது என்றால் பொம்மையை ஒட்டுவது போல இல்லை. தரையும் சுவரும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று முதலில் கோடுகள் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டோடு கட்டிலின் கோடும் போக வேண்டும். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் கட்டிலின் நிழல் விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அளவு. டைல்ஸ் போட்ட தரையென்றால் கஷ்டமில்லை, ஒரு டைல்ஸ் இரண்டடி என்று எண்ணிக்கொண்டே போகலாம். இது கோடே இல்லாத சிமெண்டுத் தரை. கூரையும் இல்லை. அளவு தெரிந்த பொருள் என்று இருந்தது கதவு ஒன்றுதான். கதவு ஏழடி. எந்த வீட்டிலும் ஏழடிதானே. அதை வைத்து அறையின் அகலம் ஒன்பதடிக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் பண்ணி, அதற்கேற்றபடி இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் ஒரு நாற்காலியையும் போட்டேன். கட்டில்கள் அறையை அடைத்துக்கொண்டுதான் நின்றன. சின்னதாக்கிப் போட்டிருந்தால் அறை விசாலமாகத் தெரியும், நிறையப் பேர் செய்வது அதுதான். நான் சின்னதாக்கவில்லை. எழுத்தைப் போட்டு, காலி அறைப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மூன்றாவதோ நான்காவதோ நாள் அண்ணன் ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்து, “படம் போட்ட ஆள்கிட்டதான் பேசணுமாம். நீயே பேசு” என்றார். படம் போட்ட ஆளைத் தேடுகிறார்கள் என்றால் சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

சண்டையில்லை. வாலாஜாபாத்தில் மாடி வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீல் சேர். பிசியோதெரபிக்குக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் போவதில்லை.

“தெருவ பாத்தே நாளாச்சுக்கா அவரு. ஜன்னல்ல இருந்து தென்னமரத் தலைதான் தெரியுது,” என்றாள். “உங்க படத்த அளந்துக்கினு இருந்தேன்.”

“படத்த அளந்தீங்களா?”

“ஸ்கேல் வெச்சி. கட்டிலு மூணு அடின்னா, ரெண்டு கட்டிலு போக இடம் மூணடிக்கு மேல கொஞ்சம்தான் இருக்குது. அப்பாவுக்கு ஒண்ணு, ராத்திரி பாத்துக்க அம்மாவுக்கு ஒண்ணு, ரெண்டு கட்டிலு கண்டிப்பா வேணும். வீல் சேர் திரும்பணும்னா அஞ்சடி வேணும்னு பிசியோ சொல்லிக்கினே இருக்காரு. சின்ன ரூம்ல எங்க சாமான் போட்டா சரியா போச்சு. அதான், முடியாதில்லக்கா?”

நான் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“டவுன்ல இன்னொரு வீடு சொல்லி இருக்காங்க. வாசல்ல நாலு படி. ஆனா ஹால் பெருசு. நாளைக்குச் சாயந்திரம் பதில் கேட்டு இருக்காங்க. அதையே சொல்லிடலாம்னு பாக்குறோம். படிக்கு மறுபடியும் ஆள்தான் தேடணும், இன்னா பண்றது. அம்மா பகல்ல வேலைக்குப் போயிடுறாங்க, அப்பாவ விட்டுட்டு வந்து நேர்ல பாக்கவும் முடியல. நீங்க ஈரத்தக்கூட மறைக்காம காட்டி இருந்தீங்களா, அதான் உங்களையே ஒரு வார்த்த கேட்டுடலாம்னு தோணுச்சு.”

நான் கம்ப்யூட்டரில் போட்ட கட்டிலை ஒருத்தி ஸ்கேல் வைத்து அளந்து, தன் அப்பா இனிமேல் எந்த வாசலில் போய்வருவார் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறாள். இடம் இருக்கிறது என்று நான் சொல்லி, வந்த பிறகு இல்லாமல் போனால்? இல்லை என்று சொல்லி, உண்மையில் இருந்தால்? அந்த அறையை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது.

“அந்தக் கட்டில நம்பாதீங்கம்மா,” என்றேன். “அது நான் போட்டது. நாளைக்கு நான் நேர்ல போயி டேப் புடிச்சி அளந்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் டவுன் வீட்டுக்குச் சரின்னு சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, போனை வைத்ததும் புதிதாக ஒரு கவலை. நான் அப்படிச் சொன்னதால் அவர்கள் அந்த வீட்டையும் இழந்துவிட்டால்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேடு போய் இறங்கினேன். அண்ணன் சாவியோடு நின்றிருந்தார்.

“ஒரு வாடகைக்கு நீ பஸ் ஏறி வர்றதெல்லாம் நல்லா இல்லமா. என் பொழப்ப கேவலப்படுத்துற,” என்றார்.

தெருவிலிருந்து படியே இல்லை. வாசலும் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதைப் பார்த்தே பாதி உயிர் வந்தது. அண்ணன் கதவைத் திறந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து.

கதவு என் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. ஏழடிக் கதவு இல்லை அது. டேப்பைப் பிடித்துப் பார்த்தால் ஒன்பது அடி.

பின்னாலிருந்து வீட்டுக்கார அம்மாள் கையில் ஒட்டிய சரிகைத் துணுக்கைத் தட்டிக்கொண்டே வந்தார். ஷெட்டில் தறி சத்தம் நிற்கவில்லை.

“ஏம்மா இவ்ளோ உசரம் கதவு?” என்றேன்.

“பின்ன? பூ நெய்யுற ஜக்கார்டு பெட்டிய மேல தூக்கி வெச்ச தறிச் சட்டம், அது எப்டி உள்ள போவும்? கழட்டிக் கழட்டி மாட்றதுக்கு எங்க மாமனாருக்குப் பொறுமை இல்ல. முழுசா உள்ள போவணும்னு நிலைய ஒசத்திட்டாரு. கூரையும் அதுக்குத்தான்.”

அண்ணாந்தேன். கூரை எங்கோ இருந்தது. மின்விசிறி நீளமான ஒரு குழாயில் தொங்கியது. படத்தில் கூரை விழுந்திருந்தால் எனக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

அறையை அளந்தோம். டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார். பன்னிரண்டு அடி. நம்பாமல் இன்னொரு இடத்தில் வைத்து அளந்தேன். பன்னிரண்டு. ஒன்பதடிக் கதவை ஏழடி என்று எடுத்ததில் நான் அறையையே சுருக்கிவிட்டிருந்தேன். கட்டில்கள் ராட்சதக் கட்டில்களாக நின்றிருக்கின்றன.

“இருக்கிறத விடக் குறைச்சிக் காட்டி இருக்க நீ,” என்று அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஊர்ல எவனாவது செய்வானா? நானூறு வீடு காட்டி இருக்கேன், ஒரு ரூம் படத்துல சின்னதா வந்து நேர்ல பெருசா இருந்து நான் பாத்ததில்ல!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டிக் காட்டிவிடுவேனோ என்றுதான் இத்தனை நாளும் பயந்தேன். குறைத்துக் காட்டினாலும் பார்க்கிறவருக்குத் தப்பான சேதிதான் போகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பெண் நாலு படி ஏறும் வீட்டுக்குச் சரி சொல்லியிருந்தால், அதற்குக் காரணம் என் கட்டில்தான்.

அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். “பன்னண்டு அடிம்மா. ஆறடி மிச்சம் இருக்குது.”

“நெஜமாவாக்கா? படத்துல அப்டி இல்லியே,” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நேற்று வரை அந்தப் படம்தான் உண்மையாக இருந்தது. “பக்கத்து வீட்டக்காவ அப்பாகூட ஒக்கார வெச்சிட்டு நான் வர்றேன். வீல் சேரையும் எடுத்துக்கினு வர்றேன்.”

அவள் வருவதற்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்துவைக்க நினைத்தேன். எண்ணைச் சொன்னால் யாருக்கும் இடம் தெரிவதில்லை. எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர் இங்கே இல்லை, தரைதான் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாளிடம் கோலமாவு டப்பாவைக் கேட்டு வாங்கினேன். டேப்பை விரித்துவைத்து, அப்பாவின் கட்டிலை ஆறரை அடிக்கு மூன்றடியாகத் தரையில் வெள்ளைக் கோட்டில் இழுத்தேன். எதிர்ச் சுவரோரம் அம்மாவின் கட்டில். நடுவில் அண்ணனை நூலின் ஒரு முனையில் நிற்கவைத்து, அஞ்சடி அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டம் இரண்டு கட்டிலையும் தொடாமல் உட்கார்ந்துவிட்டது. உடம்பெல்லாம் லேசானது.

அந்த நேரத்தில்தான் அம்மாள் காபியோடு உள்ளே வந்தார். வந்தவர் நிலையிலேயே நின்றுவிட்டார்.

“அய்யய்ய. இன்னாம்மா இது?”

“கட்டில்மா.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா, காலி வீட்டு நடுவுல, ஆளு நீட்டுக்குக் கோடு போட்டு வெச்சி இருக்க! அதும் ரெண்டு! யாரன்னா பாத்தா இன்னா நெனைப்பாங்க? யார கெடத்துறதுக்குன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?”

அப்போதுதான் நானும் அதை அவர் கண்ணால் பார்த்தேன். ஆளரவமில்லாத அறை. ஆள் நீளத்துக்கு இரண்டு வெள்ளைக் கட்டம். நடுவில் ஒரு வட்டம். உடம்பு சரியில்லாத அப்பாவுக்கு வீடு பார்க்க ஒரு பெண் வந்துகொண்டிருக்கிறாள், அவள் முதலில் பார்க்கப் போவது இதைத்தான். துடைப்பத்தைத் தேடினேன்.

“ஐயோ, அழிச்சிடுறேன்மா, அழிச்சிடுறேன்.”

“திருஷ்டி கழிப்பு எடுத்த எடம் மாதிரி கீது,” என்று அண்ணன் வேறு எண்ணெய் ஊற்றினார். “நடுவுல ஒரு பூசணிக்கா வெச்சா முடிஞ்சிச்சு.”

“நீ சும்மா இருய்யா!” அம்மாள் அவரை அதட்டிவிட்டு என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினார். “அளந்து போட்டத ஏன் அழிக்கிற? மறுபடி யாரு அளக்குறது? தள்ளு.”

உள்ளே போய்க் காவி கரைத்த கிண்ணத்தோடு வந்தார். புடவையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் வெள்ளைக் கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாகச் சிவப்புக் கரை இழுத்தார். ஒரு இடத்தில்கூட கை நிற்கவில்லை. நான்கு முனையிலும் ஒவ்வொரு தாமரை. வட்டத்துக்குள் எட்டு இதழ். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் புடவைக்குப் போடுகிற மாதிரியே கரை வந்துவிட்டது. கோட்டின் அளவு ஒரு விரல்கூட மாறவில்லை.

“இப்ப யாரு வேணா வரட்டும்,” என்று எழுந்தார். “கிரகப்பிரவேசம்னு நெனச்சிக்குவாங்க.”

அந்தப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். மடித்த வீல் சேரை அண்ணன் இறக்கி வாசலில் விரித்துவைத்தார். அவள் அறையை எட்டிப்பார்த்து, “விசேஷமாக்கா?” என்றாள். அம்மாள் என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார்.

“அது உங்கப்பா கட்டிலு,” என்றேன். “அது அம்மாவோடது. நடுவுல இருக்குற தாமரை வீல் சேர் திரும்புற எடம்.”

அவள் தானே வீல் சேரில் உட்கார்ந்துகொண்டாள். “நானே ஓட்டிப் பாக்குறேன். அவரு கையாலதான் ஓட்டணும்.”

சக்கரத்தைத் தள்ளினாள். கதவு தாராளமாக வழிவிட்டது. ஆனால் முன்சக்கரம் இரண்டும் நிலைவாசலில் போய் முட்டி நின்றன.

நாங்கள் மூன்று பேருமே அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்ததில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தோம். நாலு விரற்கடை உயரம், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த மரப்படி. என் படத்திலும் அது இல்லை. கதவைப் பக்கவாட்டில் பிடித்ததில் நிழலுக்குள் போய்விட்டிருந்தது. நான் மறைக்கவில்லை. ஆனாலும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் இன்னொரு முறை தள்ளினாள். முட்டியது. முகம் தொங்கிப்போயிற்று. ஷெட்டில் தறி மட்டும் டக்டக்கென்று போய்க்கொண்டிருந்தது.

“இத்த கொஞ்சம் செதுக்கிட்டா…” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“எதச் செதுக்குவ?” என்றார் அம்மாள். அந்தக் குரலில் அண்ணன் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார். “வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம மஞ்சா பூசுற நிலை. உளி வெக்கிற வேலையெல்லாம் இங்க இல்ல.”

அந்தப் பெண் எழுந்து நின்றாள். “பரவால்லம்மா. உங்க வீடு உங்க பழக்கம். நான் கேக்க மாட்டேன்.” வீல் சேரை மடிக்கக் குனிந்தாள். இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டேனே என்று இருந்தது எனக்கு.

“இரு பாப்பா, மடிக்காத,” என்றார் அம்மாள். கோபத்திலேயே சொன்னார். “சட்டத்த எப்டி உள்ள தள்ளிக்கினு போனோம்னு நெனச்ச? நிலை மேல ஏத்தியா? மிதிச்சாலே எங்க மாமனாரு வெட்டுவாரு. பலக போட்டோம். யோவ், வா என்கூட.”

அண்ணன் ஷெட்டுக்குப் போய் முனகிக்கொண்டே பலகையைத் தூக்கி வந்தார். கனத்த மரம். இரண்டு துண்டு. நிலைக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று பொருந்தி, நிலையைத் தொடாமல் அதன் மேல் ஒரு சின்னப் பாலம் போல நின்றன. தறிச் சட்டம் உருண்டு போவதற்கென்று அந்த மாமனார் இழைத்து வைத்தது. சரிவு செங்குத்தாக இல்லை.

“பலக மேல போனா நிலைய மிதிச்ச கணக்கு இல்ல,” என்றார் அம்மாள். “உங்கப்பா போவட்டும், வரட்டும். பலக இங்கயே கெடக்கட்டும். எனக்கு இப்ப அத்த வெச்சிக்கினு வேல ஒண்ணுமில்ல.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள். தள்ளினாள். பலகை ஒருமுறை முனகியது. ஏறினாள், இறங்கினாள். அறைக்குள் வந்து தாமரை வட்டத்தில் நிறுத்தி, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் சுற்றினாள். முழுதாக ஒரு சுற்று. சிவப்புக் கரையை எங்கேயும் தொடவில்லை. மறுபடி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. அப்புறம் தேவையே இல்லாமல் மூன்றாவதாகவும் ஒன்று சுற்றினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பினால் அங்கே ஈரம். “இது மழைக்கு இன்னும் பரவும் போலிருக்கேம்மா,” என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. “அப்புறம் தறி சத்தம். காலையில ஆரம்பிச்சா சாயந்திரம் வரைக்கும் இருக்கும். படத்துல சத்தம் வராது, அதான் சொல்றேன்.”

“தறி சத்தம் ஒரு கொறையா?” என்று அம்மாள் என் மேல் பாய்ந்தார்.

“வாலாஜாபாத்ல எங்க வீடு பஸ் ஸ்டாண்டுகிட்டம்மா,” என்றாள் அந்தப் பெண். “ஏர் ஹாரனுக்கு இது தாலாட்டு.”

அம்மாள் சமாதானமாகிவிட்டார். அடுத்த வாரமே கொத்தனாரை வைத்து ஈரத்தைச் சரி செய்யச் சொல்வதாக அவராகவே ஒப்புக்கொண்டார். டவுன் வீடு வேண்டாமென்று அந்தப் பெண் அங்கேயே போனில் சொன்னாள். பதில் சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் படத்தைத் திருத்தினேன். வீடு முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று அண்ணன் கேட்டார். தப்பான படம் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குப் பதிலாக அனுப்ப ஒன்று வேண்டும் என்றேன். கதவை ஒன்பதடியாக வைத்து எல்லாக் கோட்டையும் மறுபடி இழுத்தேன். கட்டில்கள் சுருங்கித் தங்கள் அளவுக்கு வந்தன. நடுவில் தரை பளிச்சென்று திறந்துகொண்டது. நிலைவாசலை நேராகப் பிடித்த படம் ஒன்றையும் சேர்த்தேன். அன்றிலிருந்து எந்த வீடானாலும் அண்ணன் கதவை அளந்து சொல்லாமல் அவரிடம் படமே வாங்குவதில்லை. ‘கதவு ஏழு, சத்தியமா ஏழு’ என்று எழுதி அனுப்புகிறார்.

அவர்கள் குடிவந்த அன்று நானும் போயிருந்தேன். கூப்பிட்டார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, கட்டில் கடைசி நேரத்தில் பொருந்தாமல் போய்விடுமோ என்று வேறு இருந்தது. டேப்பைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

கொத்தனார் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பூசியிருந்தார். உள்ளே ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை, விளிம்பு வெளுத்திருந்தது. கோலத்தை யாரும் அழிக்கவில்லை. வெள்ளை மங்கியிருந்தது, காவி அப்படியே இருந்தது. கட்டிலைத் தூக்கி வந்த இரண்டு பேரும் எங்கே வைப்பது என்று கேட்டார்கள். வீட்டுக்கார அம்மாள் தரையைக் காட்டினார். இறக்கினார்கள். நான்கு காலும் நான்கு தாமரையின் மேல் போய் உட்கார்ந்தன.

அதன் பிறகுதான் பெரியவர் வந்தார். பலகையில் ஏறும்போது மகள் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தாள், ஆனால் தொடவில்லை. அவர் நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளி, நல்ல காலைத் தரையில் ஊன்றி ஊன்றி, தானே உள்ளே வந்தார். வட்டத்தில் நின்று சிவப்புக் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேச்சு குழறலாகத்தான் வந்தது.

“எனக்கா… கோலம்?”

“உங்களுக்குத்தான்,” என்றார் வீட்டுக்கார அம்மாள். என்னைக் காட்டி, “இவதான் அளவு எடுத்தா,” என்றார்.

அவர் மெல்ல ஒரு சுற்று சுற்றி, வாசலைப் பார்க்க நிறுத்திக்கொண்டார். கதவு அகலமாகத் திறந்திருந்தது. தெருவில் ஒரு டவுன் பஸ் போயிற்று. பின்னாலேயே தள்ளுவண்டியில் தக்காளிக்காரன். அவர் இரண்டையும் கண் எடுக்காமல் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் சாமான் இறக்கியதை அவர் கவனிக்கவேயில்லை.

பையிலிருந்த டேப்பை நான் வெளியே எடுக்கவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.